பத்திரத்தில் ‘லைசென்ஸ்’ என்று போட்டுவிட்டால் வாடகைக்காரர் இல்லையா?

“மேடம், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் நானும் என் மகனும் இருக்கிறோம். எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி, உள்பாவாடை தைத்துக் கொடுக்கிறேன். 2018 பொங்கல் முடிந்து இங்கே வந்தோம். அப்போது வீட்டுக்காரம்மாவின் மகன் இருபது ரூபாய் பத்திரத்தில் ‘லைசென்ஸ் ஒப்பந்தம்’ என்று அடித்துக் கையெழுத்து வாங்கினார். பதினொரு மாதம்தான் போட்டிருந்தது. அதற்கப்புறம் எதுவும் எழுதவில்லை. வாடகை 4,000-இல் ஆரம்பித்து இப்போது 6,500. அட்வான்ஸ் 40,000.

உரிமையாளர் எந்நேரமும் அறைக்குள் வரலாம், வேறு அறைக்கு மாற்றலாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அம்மா ஒருநாளும் கதவைத் தட்டாமல் வந்ததில்லை. மாற்றுச்சாவி அவரிடம் இருக்கிறது. ஒரு தடவை நான் குழாயை மூடாமல் ஊருக்குப் போய்விட்டபோது, எனக்குப் போன் செய்துவிட்டுத் திறந்தார். கீழே பின்கட்டு அறையில் ஹார்பர் வேலைக்குப் போகும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அம்மாவே சமைத்துப் போடுகிறார். அவர்களுக்கும் இதே பத்திரம்தான்.

போன மாதம் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர், ‘நீங்க யாரும் வாடகைக்காரங்க இல்ல, லைசென்ஸ்தான். பத்து நாள்ல காலி பண்ணுங்க, அட்வான்ஸைப் பழைய ஓனர்கிட்ட வாங்கிக்குங்க’ என்கிறார். நான் லீசுக்கும் இல்லை, வாடகைக்குத்தான் இருக்கிறேன். ஆதார், கேஸ் புத்தகம் எல்லாம் இந்த முகவரிதான். இத்தனை வருடம் இருந்தவர்களைக் காலி செய்யவைக்க முடியாது என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வருகிறது. என்ன செய்வது?”

சகோதரி, முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். சென்னையில் ‘லீசுக்கு வீடு’ என்றால் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இருப்பது என்றுதான் அர்த்தம். கிராமத்தில் போக்கியம் என்பார்கள். சட்டம் லீஸ் என்று சொல்வது அதை அல்ல. ஒரு இடத்தை அனுபவிக்கும் உரிமையைக் காசு வாங்கிக்கொண்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தாலே அது லீஸ், தமிழில் குத்தகை. மாதா மாதம் வாடகை கொடுப்பதும் அதற்குள் அடக்கம். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதனால் “நான் லீசுக்கு இல்லை” என்று யாரிடமும் சொல்லாதீர்கள். புதியவரின் வக்கீல் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொள்வார்.

லைசென்ஸ் என்பது வேறு. அதே 1882-இல் வந்த ஈஸ்மென்ட் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் அது வருகிறது. அனுமதி இல்லாமல் செய்தால் அத்துமீறலாகிவிடும் ஒரு காரியத்தை, உரிமையாளரின் அனுமதியோடு அவர் இடத்தில் செய்வது லைசென்ஸ். இடத்தின் மேல் உங்களுக்கு எந்தப் பங்கும் வராது. இடம் அவருடைய கையில்தான் இருக்கிறது, நீங்கள் அவர் சம்மதத்தில் உள்ளே இருக்கிறீர்கள், அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தை ஒருநாளைக்கு எடுப்பதும், மேன்ஷனில் ஒரு கட்டில் எடுப்பதும் இந்த வகை.

தாளின் தலைப்பு முடிவு செய்வதில்லை

டெல்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் இரண்டு அறைகளை முடிதிருத்தும் தொழிலுக்காக ஒருவர் எடுத்திருந்தார். எழுதிய பத்திரத்தின் பெயரே லைசென்ஸ் பத்திரம். அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1959-இல் வந்த அந்தத் தீர்ப்பைத்தான் இன்றைக்கும் இந்த விஷயத்தில் எல்லா நீதிமன்றங்களிலும் முதலில் எடுத்து வைக்கிறோம். பெரும்பான்மை நீதிபதிகள் அது குத்தகைதான் என்றார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதில் சொன்ன வழி இதுதான். பத்திரத்தின் பெயரைப் பார்க்காதே, உள்ளே இருக்கும் விஷயத்தைப் பார். இரண்டு பேரும் உண்மையில் என்ன ஏற்பாடு செய்துகொள்ள நினைத்தார்கள் என்று பார். ஒருவருக்கு இடத்தின் தனித்த சுவாதீனம் கிடைத்திருந்தால், வேறு காரணம் காட்டப்படாதவரை அவர் குத்தகைதாரர்.

தனித்த சுவாதீனம் என்றால் பயந்துவிடாதீர்கள். கதவைச் சாத்திவிட்டு, வீட்டுக்காரரையே “இப்போது வராதீர்கள்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருந்ததா? கேள்வி அதுதான்.

உங்கள் பத்திரத்தில் இருக்கும் இரண்டு நிபந்தனைகளையும் இதை வைத்துப் பார்க்க வேண்டும். எந்நேரமும் வரலாம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் இத்தனை வருடத்தில் அந்த உரிமை ஒருதடவைகூடப் பயன்படவில்லை. கதவைத் தட்டுகிறவர், உள்ளே வர உங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவர். மாற்றுச்சாவியும் அப்படித்தான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதோடு நீதிமன்றம் நிற்காது, எதற்காக இருக்கிறது என்று கேட்கும். தினமும் உள்ளே வந்து அறையைச் சுத்தம் செய்யவும் விரிப்பு மாற்றவும் வைத்திருந்தால், இடம் அவர் கையில் இருந்ததற்கு அது சாட்சி. குழாய் திறந்து கிடக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுத் திறந்தார் என்றால், இடம் உங்கள் கையில் இருந்ததற்குத்தான் அது சாட்சி. அந்த ஒரு சம்பவத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள். உங்கள் கடிதத்திலேயே மிகவும் பலமான விஷயம் அதுதான், நீங்கள் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்.

வேறு அறைக்கு மாற்றலாம் என்ற வரிக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. மாற்றுவதற்கு அந்த வீட்டில் வேறு அறை காலியாக இருந்ததா? மாடியில் உங்கள் அறை ஒன்றுதான், கீழே அம்மா குடியிருக்கிறார், பின்கட்டில் பையன்கள் என்றால், அந்த வரி நிஜ ஏற்பாட்டைச் சொல்லவில்லை. பம்பாய்ப் பக்கம் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று எழுதுவது பல காலமாக இருக்கும் வழக்கம். அந்த மாதிரிப் படிவங்களை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடித்த பத்திரங்களை நான் வடசென்னையில் நிறையப் பார்க்கிறேன். சில படிவங்களில் ‘சொசைட்டி விதிகளுக்குக் கட்டுப்படுவேன்’ என்றுகூட இருக்கும். உங்களுடையதையும் ஒருதடவை முழுக்கப் படியுங்கள். வீட்டுக்குப் பொருந்தாத வரிகள் எத்தனை இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அந்தத் தாள் உங்கள் இருவரின் எண்ணத்தைக் காட்டவில்லை என்று வாதிட முடியும்.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள், அதனால் எழுதியதற்குக் கட்டுப்பட்டவர் என்பார்கள். எழுத்தில் இருப்பதை வாய்வார்த்தையால் மட்டும் மறுப்பது சிரமம். நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான் மறுக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஒரே வீடு, ஒரே பத்திரம், இரண்டு முடிவு

பின்கட்டுப் பையன்களையும் நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று. அவர்கள் கதையோடு வைத்துப் பார்த்தால் உங்கள் நிலை இன்னும் தெளிவாகும். சாப்பாடு அம்மாவுடையது. அதோடு அறையைப் பெருக்கித் துடைப்பதும் அவருடைய ஆள்தான் என்றால், அவர் நினைத்தபோது மூன்றாவது பையனையும் அதே அறையில் சேர்த்திருப்பார் என்றால், அந்த அறை எப்போதும் அம்மாவின் கையில்தான் இருந்தது. பையன்கள் அங்கே தங்க அனுமதி பெற்றவர்கள். அவர்களால் கதவைச் சாத்திக்கொண்டு ‘இன்னொருவரை இங்கே போடாதீர்கள்’ என்று சொல்லியிருக்க முடியாது. அவர்கள் விஷயத்தில் தாளும் நிஜமும் ஒத்துப்போகின்றன. அது லைசென்ஸாகத்தான் இருக்கும்.

உங்கள் அறையில் நீங்களே சமைக்கிறீர்கள், நீங்களே பெருக்குகிறீர்கள், தையல் மெஷின் போட்டு வேலை செய்கிறீர்கள், வேறு யாரையும் உள்ளே சேர்க்க அம்மாவால் முடிந்திருக்காது. நீங்கள் குத்தகைதாரர் என்பது என் கருத்து. ஆதாரும் கேஸ் புத்தகமும் இதற்கு நேரடியாக உதவாது. அவை நீங்கள் அங்கே வசித்தீர்கள் என்று காட்டும். பின்கட்டுப் பையன்களும் அதே முகவரியில் ஆதார் வாங்கியிருக்கலாமே. எந்த உரிமையில் வசித்தீர்கள் என்பதை அவை சொல்லாது.

வீடு கைமாறும்போது என்ன ஆகும்

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நிஜமாகவே உறைக்கும் இடம் இதுதான். ஈஸ்மென்ட் சட்டத்தின் 59-ஆவது பிரிவின்படி, லைசென்ஸ் கொடுத்தவர் சொத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த லைசென்ஸுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அதனால்தான் அவர் அந்த வார்த்தையை அழுத்திச் சொல்கிறார், யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பையன்கள் விஷயத்தில் அவர் பேச்சு பெரும்பாலும் செல்லும். ஆனால் அவர்களையும் மூட்டையைத் தூக்கி வெளியே போட முடியாது. 63-ஆவது பிரிவு, வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

குத்தகை என்றால் நிலைமை தலைகீழ். சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவின்படி, வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் வந்து உட்காருகிறார். வீட்டை உங்களோடு சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். உங்களை வெளியேற்ற வேண்டுமென்றால் பழைய வீட்டுக்காரம்மா எந்த வழியில் போக வேண்டுமோ அதே வழியில்தான் அவரும் போக வேண்டும். பத்து நாள் என்று வாயால் சொல்வது அந்த வழி இல்லை.

அட்வான்ஸுக்கும் இதே பிரிவில் பதில் இருக்கிறது. வீட்டை விற்றுவிட்டதால் மட்டும் பழைய உரிமையாளர் தன் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. ‘இனி புதியவரே எனக்குப் பொறுப்பு’ என்று நீங்கள் தேர்ந்துகொண்டால்தான் விடுபடுவார். அதனால் அவசரப்பட்டு அப்படி எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். tnreginet.gov.in-இல் வில்லங்கச் சான்று எடுத்து, அதிலிருக்கும் எண்ணை வைத்துக் கிரையப் பத்திர நகலுக்கு மனுப் போடுங்கள். வாடகைக்காரர்களின் அட்வான்ஸைக் கிரையத் தொகையில் கழித்துக்கொண்டதாக அதில் எழுதியிருந்தால், புதியவரிடமே தைரியமாகக் கேட்கலாம். எழுதாவிட்டால் அம்மாதான் தர வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதை நிறுத்த இந்த ஒரு நகல் போதும்.

‘இத்தனை வருடம் இருந்தால் அசைக்க முடியாது’ என்ற பேச்சு

இதை நம்பி நீங்கள் பிடிவாதம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிலை நீளமாக எழுதுகிறேன். வாடகை கொடுத்து இருப்பவருக்கு வருடம் ஏறுவதால் மட்டும் வீட்டில் உரிமை வந்துவிடாது. 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில் வாடகைக்காரரைக் கிளப்புவது கடினமாக இருந்தது, அந்தப் பேச்சு இன்னும் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் வருடத்துத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களும் வீட்டுக்காரரும் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். போடாவிட்டால், அதுவே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம். நீங்கள் 2018-இல் வந்தவர், பதிவு எதுவும் இல்லை. ஆகவே புதியவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் அவருக்கு ஒரு காரணம் தயாராகவே இருக்கிறது.

அப்படியானால் குத்தகை என்று நிரூபித்து என்ன பயன் என்று கேட்பீர்கள். பயன் இருக்கிறது. அவர் மனு போட வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் உத்தரவு வரும். அதுவரை கரண்ட்டையோ தண்ணீரையோ நிறுத்தி உங்களைக் கிளப்ப முயன்றால், அந்த 2017 சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி வாடகை ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பூட்டுப் போட்டு வெளியே தள்ளினால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆவது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே அந்த வழக்கில் வராது. ஆனால் முறைப்படி குத்தகையை முடித்த பிறகும் காலி செய்யாமல் இழுத்தால், இரட்டிப்பு வாடகை கேட்கவும் அதே 2017 சட்டம் இடம் கொடுக்கிறது. ஆக, உங்களுக்குக் கிடைப்பது நிரந்தர இடம் இல்லை, கௌரவமாக வெளியேறத் தேவையான காலம். உங்களுக்கு வேண்டியதும் தேர்வு முடியும்வரை உள்ள காலம்தானே.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

வாடகையை நிறுத்தாதீர்கள். “அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு மாத பாக்கி ஏறினால் அது வெளியேற்ற இன்னொரு காரணமாகிவிடும். விற்ற விஷயம் தெரிவதற்கு முன் அம்மாவிடம் கொடுத்த வாடகை கொடுத்ததுதான், அதை மறுபடி கேட்க முடியாது. அடுத்த மாதத்திலிருந்து புதியவரின் வங்கிக் கணக்குக்கு, ‘மாடி அறை வாடகை’ என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். கணக்கு எண் தர மறுத்தால் மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து வாங்க மறுத்தால் ஆணையத்தில் கட்டும் வழியும் இருக்கிறது.

புதிதாக எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். ராயபுரத்திலிருந்து என்னிடம் வந்த ஒருவர், எல்லா விதத்திலும் உங்களைப் போலவே பலமான நிலையில் இருந்தவர். வண்டி வாடகைக்கு ஐயாயிரம் தருகிறோம் என்று சொல்லி ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ‘நான் லைசென்ஸ்தாரர் மட்டுமே, பத்து நாளில் காலி செய்கிறேன்’ என்பது அதில் நடுவில் ஒரு வரி. அதன் பிறகு என்னால் அவருக்கு ஒரு மாத அவகாசத்துக்கு மேல் வாங்கித் தர முடியவில்லை. அந்த வழக்கு இன்னும் என் மனதில் கிடக்கிறது.

வாட்ஸ்ஆப்பைத் தேடுங்கள். அம்மாவின் மகன் “இந்த மாச வாடகை இன்னும் வரல” என்று எப்போதாவது அனுப்பியிருப்பார். வாடகையை ஏற்றியபோது என்ன அனுப்பினார் என்றும் பாருங்கள். லைசென்ஸ் கட்டணம் என்று ஒருநாளும் எழுதியிருக்க மாட்டார். குழாய் விஷயமாக அம்மா போன் செய்த நாளில் ஏதாவது செய்தி இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரம்மாவோடு உறவு நன்றாக இருக்கும்போதே போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் 40,000 வாங்கியதையும், மாடி அறையை வாடகைக்கு விட்டதையும் நாலு வரியில் எழுதிக் கேளுங்கள். இந்த வழக்கில் உங்களுக்கு அவரை விட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் புதியவரிடம் பேசுங்கள். அவரும் காசு போட்டு வாங்கியவர், நீதிமன்றத்துக்கு அலைய அவருக்கும் ஆசை இருக்காது. ஏப்ரல் கடைசி நாள் காலி செய்கிறேன், அதுவரை 6,500 வாடகை, சாவி கொடுக்கும் அதே நேரத்தில் 40,000 என் கையில், இந்த மூன்றையும் எழுத்தில் போடலாம் என்று கேளுங்கள். அந்தத் தாளில் ‘லைசென்ஸ்’ என்ற சொல் வரக் கூடாது, ‘வாடகை ஒப்பந்தம்’ என்று இருக்கட்டும், ஆணையத்தில் பதியவும் சொல்லுங்கள். அட்வான்ஸை அம்மா தருவதாக இருந்தால் அவரும் அதில் கையெழுத்துப் போடட்டும்.

பேச்சு ஒத்துவரவில்லை என்றால் வக்கீல் வைக்கக் காசில்லையே என்று ஒதுங்கிவிட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவச வக்கீல் கிடைக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், அல்லது பாரிமுனை ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். போகும்போது பழைய பத்திரம், வாடகை அனுப்பிய கணக்கு விவரம், வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்கட்டுப் பையன்களில் ஒருவரையும் கூட்டிப் போங்கள். ஒரே பத்திரத்தில் இருந்த இரண்டு அறைகளும் எப்படி வேறுவேறாக நடந்தன என்று அவரும் சொன்னால், வக்கீலுக்கு உங்கள் வழக்கு உடனே புரிந்துவிடும்.